கோடு வரவில்லை என்றால் குற்றவாளியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கஞ்சா அடிப்பவர்களுக்கு வக்காலத்து வாங்கும் பதிவு இல்லை. பின்னூட்டத்தில் வந்து "நீயும் அந்தக் கோஷ்டியா?" என்று கேட்கப் போகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

விஷயம் இதுதான். போதைக்கு எதிராக எல்லோரும் முழங்கும் காலம் இது. நம் மலைப்பக்கத்து விடுதிகளிலும் சிறுநீர்ச் சோதனை பற்றிய பேச்சு அடிபடுகிறது. ஒரு பிளாஸ்டிக் கப், அதன் பக்கவாட்டில் ஐந்தாறு ஸ்ட்ரிப். ஐந்து நிமிடத்தில் ரிசல்ட். "பாசிட்டிவ் வந்தா பெட்டியைக் கட்டிட வேண்டியதுதான், இதுல என்ன விசாரணை?" என்று வகுப்பிலேயே நண்பர்கள் பேசுகிறார்கள். மருந்தியல் படிக்கிறவர்களே இப்படிப் பேசும்போதுதான் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது ஐயா, இந்த ஸ்ட்ரிப் சொல்வது தீர்ப்பு இல்லை, சந்தேகம் மட்டும்தான் என்று.

கோடு எப்படி வருகிறது?

அந்த ஸ்ட்ரிப்புக்குள் நடப்பது ஒரு நாற்காலிப் போட்டி. கீழ்முனையில் நிறம் ஏற்றிய ஆன்டிபாடி காய்ந்த நிலையில் இருக்கும். மேலே, கோடு விழ வேண்டிய இடத்தில், அந்தப் போதைப்பொருளின் மூலக்கூறை ஒரு புரதத்தோடு இணைத்து ஒட்டி வைத்திருப்பார்கள். சிறுநீர் மேலே ஏறும்போது ஆன்டிபாடியையும் கூட்டிக்கொண்டு போகும். சிறுநீரில் மருந்து இல்லையென்றால் ஆன்டிபாடி நேராகப் போய் அங்கே ஒட்டிக்கொள்ளும், கோடு தெரியும். மருந்து போதிய அளவு இருந்தால் அது வழியிலேயே ஆன்டிபாடியின் கையைப் பிடித்துக்கொள்ளும், மேலே ஒட்ட ஆள் இருக்காது, கோடு வராது.

அதாவது கோடு வந்தால் நெகட்டிவ், வராவிட்டால் பாசிட்டிவ். கர்ப்பச் சோதனைக்கு நேர் எதிர்! மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலும் அது நெகட்டிவ்தான். "கோடு ரொம்ப லேசா இருக்கே, கொஞ்சமா அடிச்சிருப்பான்" என்று வார்டன் சொன்னால் அவருக்கு ஸ்ட்ரிப்பைப் படிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். கோட்டின் அடர்த்தியை வைத்து அளவு சொல்ல இந்தக் கப் செய்யப்படவில்லை.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. இந்தக் கிட்டுகளின் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில், சோதனைக்கு முன் கிட்டும் சிறுநீரும் அறை வெப்பநிலைக்கு, அதாவது 15 முதல் 30 டிகிரிக்குள், வந்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். ஜனவரி மாதம், உறைபனி விழுந்த காலை ஆறு மணிக்கு, ஊட்டியில் ஹீட்டர் இல்லாத எந்த அறை 15 டிகிரியில் இருக்கிறது? சிறுநீர் உண்மையானதா, வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றியதா என்று பார்க்க நாலு நிமிடத்துக்குள் அதன் சூட்டை அளப்பார்கள், 32 முதல் 38 டிகிரி இருக்க வேண்டும். அந்தக் குளிரில் கப்பைப் பத்து நிமிடம் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு அளந்தால் யோக்கியனின் சிறுநீரும் போலி ஆகிவிடும்.

கட்-ஆஃப் என்பது கோடு போட்டுப் பிரித்த வேலி

நிறையப் பேர் நினைப்பது போல பாசிட்டிவ் என்றால் "இருக்கிறது", நெகட்டிவ் என்றால் "இல்லவே இல்லை" என்று பொருள் இல்லை. ஒரு அளவை முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கு மேல் போனால் பாசிட்டிவ், கீழே இருந்தால் நெகட்டிவ் என்று வைத்திருக்கிறார்கள். கஞ்சாவுக்கு வழக்கமாக ஒரு மில்லிக்கு 50 நானோகிராம். 49 இருப்பவன் உத்தமன், 51 இருப்பவன் குற்றவாளி! இத்தனைக்கும் வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே சிறுநீருக்கு ஒரு ஸ்ட்ரிப் கோடு போடும், பக்கத்து ஸ்ட்ரிப் போடாது.

இந்த வேலியை எங்கே நடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு நம் வீட்டுச் சமையலறையிலேயே உதாரணம் உண்டு: கசகசா.

கசகசா என்பது ஓபியம் செடியின் விதை. விதைக்குள் மார்ஃபின் கிட்டத்தட்ட இல்லை, ஆனால் காயைக் கீறும்போதும் உடைக்கும்போதும் பால் விதையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமே ஓபியம் செடியின் வைக்கோலை வரையறுக்கும்போது விதையை மட்டும் விலக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் மளிகைக் கடையில் தைரியமாக வாங்குகிறோம். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கசகசா பொட்டலத்தோடு போனால் கதையே வேறு, அங்கே தடை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நம் விடுதி மாணவன் ஒருவன் கூடலூர் தாண்டி மைசூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கசகசாப் பாயசம் விசேஷம். இரண்டு டம்ளர் குடிக்கிறான், அதில் 20 கிராம் கசகசா. விதையில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் விளைந்த இடத்தையும் கழுவிய விதத்தையும் பொறுத்து ஏகத்துக்கு மாறும். கணக்குக்காக ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராம் என்று வைப்போம். மொத்தம் 1000 மைக்ரோகிராம், அதாவது ஒரே ஒரு மில்லிகிராம். இதில் போதையும் வராது, ஒரு மண்ணும் வராது. இதில் பாதி அடுத்த சில மணி நேரத்தில், பெரும்பாலும் சர்க்கரை அமிலம் ஒன்றோடு கைகோத்த வடிவில், ஒரு லிட்டர் சிறுநீரில் வெளியேறினால் மில்லிக்கு 500 நானோகிராம்.

சந்தையில் கிடைக்கும் பல கப்புகளில் மார்ஃபினுக்கான ஸ்ட்ரிப்பின் கட்-ஆஃப் 300. பையன் பாசிட்டிவ். அதே சிறுநீரை 2000 கட்-ஆஃப் உள்ள ஸ்ட்ரிப்பில் விட்டால் நெகட்டிவ். ஒரே ஆள், ஒரே சிறுநீர், ஒரே பாயசம். அலமாரியில் எந்தப் பெட்டி இருந்தது என்பதில் அவன் படிப்பு தொங்குகிறது!

இது நான் கண்டுபிடித்த ஓட்டை இல்லை. அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்களுக்கான சோதனையில் இதே 300-தான் இருந்தது. கசகசா தூவிய ரொட்டி தின்றவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டதால் 1998 இறுதியில் அதை 2000 ஆக உயர்த்தினார்கள். கசகசாவை ரொட்டியின் மேல் தூவுகிறவர்களுக்கே இந்தப் பாடு. குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிற நமக்கு?

மாறு வேடத்தில் வருபவர்கள்

கசகசா விஷயத்தில் மார்ஃபின் உண்மையிலேயே சிறுநீரில் இருக்கிறது. அடுத்த சிக்கல் இதைவிட மோசம். அந்தப் போதைப்பொருள் துளிகூட இல்லாமலே பாசிட்டிவ் வரும்.

ஆன்டிபாடி முழு ஆளையும் பார்ப்பதில்லை. மூலக்கூறின் ஒரு பக்கத்து வடிவத்தை மட்டும் தடவிப் பார்த்துப் பிடிக்கிறது. அந்தப் பக்கம் ஒத்துப்போகும் வேறு மருந்து வந்தாலும் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் குறுக்கு வினை என்கிறோம். இருட்டில் ஜிப்பாவைத் தடவிப் பார்த்து மாமாவைக் கண்டுபிடிப்பது மாதிரி. ஜிப்பா போட்ட யாராக இருந்தாலும் மாமாதான்.

மூன்று உதாரணம் போதும். கர்ப்பிணிகளுக்கு ரத்தக் கொதிப்பு வந்தால் கொடுக்கும் லாபெடலால் உடலில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள் ஆம்ஃபெடமினை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கும், சில கிட்டுகளில் ஆம்ஃபெடமின் பாசிட்டிவ் வரும். லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் ஓபியம் வகைச் சோதனையில் பொய்ப் பாசிட்டிவ் தரும் என்று 2001-லேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கட்டுரை வந்தது. மூன்றாவது, மெஸ் சாப்பாட்டின் புண்ணியத்தில் பாதி விடுதி காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் பான்டோபிரசோல். அந்த வகை மருந்து எடுப்பவர்களுக்கு கஞ்சா ஸ்கிரீனிங்கில் பொய்ப் பாசிட்டிவ் வந்ததாகத் தகவல்கள் உண்டு, உறுதிச் சோதனை செய்யுங்கள் என்று அதன் அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். எல்லாக் கிட்டும் எல்லா மருந்துக்கும் ஏமாறாது. ஒவ்வொரு கம்பெனியின் ஆன்டிபாடியும் வேறு. எந்தெந்த மருந்து எந்த அளவில் குறுக்கே வரும் என்று அந்த மடித்த தாளில் பட்டியல் இருக்கும். கொக்கெய்ன் ஸ்ட்ரிப் இந்த விஷயத்தில் ரொம்ப நேர்மையானது, பொய்ப் பாசிட்டிவ் அபூர்வம். ஆம்ஃபெடமின் ஸ்ட்ரிப் நேர் எதிர், சின்ன மூலக்கூறு, ஒத்த சாயலில் ஊரெல்லாம் உறவினர்கள். ஆக "ஸ்ட்ரிப் எவ்வளவு துல்லியம்?" என்ற கேள்விக்கே ஒற்றைப் பதில் கிடையாது.

"தப்பு பண்ணாதவன் ஏன் பயப்படணும்?"

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பதிலைக் கணக்கிலேயே சொல்கிறேன்.

400 பேர் உள்ள விடுதி. உண்மையில் 8 பேர் பயன்படுத்துகிறார்கள் என்று வைப்போம். ஸ்ட்ரிப் தாராளமாக நல்ல ஸ்ட்ரிப், பயன்படுத்துகிறவர்களில் 95 சதவீதம் பேரைப் பிடிக்கும், பயன்படுத்தாதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். அந்த 8 பேரும் மாட்டுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி 392 பேரில் 5 சதவீதம், அதாவது சுமார் 20 பேர், ஒன்றுமே செய்யாமல் மாட்டுவார்கள். மொத்தம் 28 பாசிட்டிவ். அதில் 20 பேர் அப்பாவி!

ஸ்ட்ரிப் மோசம் என்பதால் இப்படி ஆகவில்லை. பயன்படுத்துகிறவர்கள் குறைவாக இருக்கும் இடத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். மயக்கத்தில் தூக்கிக்கொண்டு வந்த நோயாளிக்கு டாக்டர் அதே ஸ்ட்ரிப்பைப் போட்டால் அது உருப்படியான துப்பு. அங்கே சந்தேகத்துக்கு ஏற்கெனவே காரணம் இருக்கிறது.

அதே சமயம் தப்பு பண்ணினவனுக்கும் பயம் இல்லை, அதுதான் வேடிக்கை. தமிழ்நாட்டில் இளைஞர்கள் நடுவே பெரிய தலைவலியாகியிருக்கும் டபென்டடால் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அது ஓபியம் மாதிரி வேலை செய்யும், ஆனால் உருவத்தில் மார்ஃபின் இல்லை. சாதாரண மார்ஃபின் ஸ்ட்ரிப் அதைக் கண்டுகொள்ளாது. டிரமடாலும் அப்படித்தான். அதற்கென்று தனி ஸ்ட்ரிப் வாங்கினால்தான் உண்டு. ஆக பாயசம் குடித்தவன் பெட்டியைக் கட்ட, ஊசி போட்டவன் கைதட்டி வழியனுப்பி வைப்பான்.

உறுதிச் சோதனை என்ன செய்கிறது?

ஸ்ட்ரிப் ஜிப்பாவைத் தடவிப் பார்க்கிறது என்றேன் இல்லையா, வாயு நிறப்பகுப்பி - நிறை நிறமாலைமானி கைரேகை எடுக்கிறது. முதல் பாகம் சிறுநீரில் இருந்து பிரித்தெடுத்த பொருள்களை ஒரு நீண்ட மெல்லிய குழாய்க்குள் ஓடவிடும். ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். இரண்டாம் பாகம் வெளியே வருவதை எலெக்ட்ரானால் அடித்து உடைக்கும். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய துண்டுகளாக, தனக்கே உரிய விகிதத்தில் உடையும். நேரமும் ஒத்துப்போக வேண்டும், துண்டுகளும் ஒத்துப்போக வேண்டும், துண்டுகளின் விகிதமும் ஒத்துப்போக வேண்டும். லெவோஃப்ளாக்சசின் இங்கே மார்ஃபின் வேடம் போட முடியாது. இப்போது திரவ நிறப்பகுப்பியோடும் இதையே செய்கிறார்கள்.

கஞ்சாவுக்கு ஸ்ட்ரிப்பில் 50 என்றேன், உறுதிச் சோதனையில் வழக்கமான கட்-ஆஃப் 15. "குறைச்சலா வெச்சா இன்னும் நிறையப் பேர் மாட்டுவாங்களே?" என்று தோன்றும். காரணம் எளிது. ஸ்ட்ரிப் கஞ்சாவின் சிதைபொருள்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறது. இந்தக் கருவி அதில் ஒன்றே ஒன்றை மட்டும் தனியாக எடை போடுகிறது. கூட்டுத்தொகையைவிட ஒரு தனி எண் சிறியதாகத்தானே இருக்கும்?

ஆனால் கருவிக்கும் எல்லை உண்டு. அது "மார்ஃபின் இருக்கிறது, இவ்வளவு இருக்கிறது" என்று சொல்லும். ஏன் இருக்கிறது என்று சொல்லாது. பாயசமா, டாக்டர் எழுதிய கோடீன் இருமல் மருந்தா (கோடீன் உடலுக்குள் மார்ஃபினாக மாறும்), ஹெராயினா? இதைப் பிரிக்க மேலும் சில தடயம் வேண்டும். 6-மோனோஅசிடைல்மார்ஃபின் என்ற பொருள் இருந்தால் ஹெராயின், கசகசாவிலிருந்து அது வராது. ஆனால் சில மணி நேரத்தில் மறைந்துவிடும், அதனால் அது இல்லை என்பது நிரபராதி என்பதற்குச் சாட்சி இல்லை. கோடீன் மார்ஃபினைவிடத் தூக்கலாக இருந்தால் இருமல் மருந்துப் பக்கம் பார்க்க வேண்டும். தீபெயின் என்ற இன்னொரு ஓபியப் பொருள் தென்பட்டால் கசகசாவை நினைக்கலாம். அதனால்தான் கருவிக்குப் பிறகும் ஒரு டாக்டர் உட்கார்ந்து, மருந்துச் சீட்டைப் பார்த்து, ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

விமானிக்கு ஒரு நியாயம், மாணவனுக்கு ஒரு நியாயமா?

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்பவர்களுக்கு நம் நாட்டு விதியையே காட்டுகிறேன். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2022 ஜனவரி 31 முதல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விமானிகளிலும் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களிலும் ஆண்டுக்குக் குறைந்தது 10 சதவீதம் பேரை முன்னறிவிப்பு இல்லாமல் சிறுநீர்ச் சோதனை செய்ய வேண்டும். ஸ்கிரீனிங்கில் சிக்கல் வந்தால் ஆளைப் பணியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும், உறுதிச் சோதனை அறிக்கை வரும்வரை. கவனியுங்கள், விலக்கி வைப்பதுதான், வேலையை விட்டுத் துரத்துவது இல்லை. இந்தத் துறையில் ஸ்ட்ரிப் ரிசல்ட்டை "பாசிட்டிவ்" என்று சொல்லவே தயங்குவார்கள், "நெகட்டிவ் அல்லாதது" என்றுதான் எழுதுவார்கள். அந்தத் தயக்கத்தில்தான் மொத்த அறிவியலும் இருக்கிறது.

நூற்றுக்கணக்கான உயிர்களைத் தூக்கிக்கொண்டு பறக்கிறவருக்கே ஒரு ஸ்ட்ரிப்பை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று விதி. மெஸ்ஸில் இட்லி தின்றுகொண்டிருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு ஏன் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு? போலீஸ்காரர்கள்கூட, பிடித்த பொட்டலத்தை அந்த இடத்திலேயே கிட் வைத்துப் பார்த்தாலும், மாதிரியைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கித்தான் கோர்ட்டுக்குப் போகிறார்கள். பொட்டலத்துக்குக் கிடைக்கும் மரியாதை மனுஷனுக்கு இல்லை!

"செலவு யார் கொடுப்பது?" என்பது அடுத்த கேள்வி. 400 பேருக்கும் உறுதிச் சோதனை கேட்கவில்லை, ஸ்ட்ரிப்பில் சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டும். அந்தச் செலவும் கட்டுப்படியாகாது என்றால் ஸ்ட்ரிப் வாங்கவே கட்டுப்படியாகாது என்றுதான் அர்த்தம். பாதிச் சோதனையை வாங்கி முழுத் தண்டனை கொடுக்க முடியாது.

அதனால் என் கோரிக்கை நான்கே நான்கு:

1. சோதனைக்கு முன்பே, கடந்த இரண்டு வாரத்தில் எடுத்த மருந்துகளை எழுதி உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். பாசிட்டிவ் வந்த பிறகு கேட்டால் சாக்கு என்பீர்கள்.

2. சிறுநீரை அவன் கண் முன்னாலேயே இரண்டு பாட்டிலில் பிரித்து, சீல் வைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, குளிர்பெட்டியில் வையுங்கள். முதல் பாட்டிலை மலையிறக்கி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரண்டாவது, அவன் மறுத்தால் திரும்பப் பார்க்க.

3. எந்தக் கம்பெனிக் கிட், என்ன கட்-ஆஃப், எப்போது காலாவதி என்று ரிசல்ட் தாளில் எழுதுங்கள்.

4. உறுதி அறிக்கையை ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வீட்டுக்கு போன் கிடையாது, நோட்டீஸ் போர்டு கிடையாது, பெட்டி கட்டுவதும் கிடையாது.

உறுதியானாலும்கூட அது ஏதோ ஒரு நாளில் உடலுக்குள் போனது என்பதற்குத்தான் சாட்சி. தொடர்ந்து கஞ்சா எடுத்தவனுக்கு நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் வரும். போன மாதமே விட்டுத் தொலைத்தவனா, இன்று காலை அடித்தவனா என்று சிறுநீர் சொல்லாது. அவனை எங்கே அனுப்ப வேண்டும், சிகிச்சைக்கா வீட்டுக்கா என்பதைப் பற்றித் தனியாகவே சண்டை போடலாம், அதை இன்னொரு பதிவில் வைத்துக்கொள்கிறேன்.

மருந்தியல் படிக்கும் நண்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. நாளைக்கு ஏதோ ஒரு விடுதியில், ஏதோ ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில், அந்தக் கப்பைக் கையில் கொடுத்து "தம்பி, பாசிட்டிவா இல்லையான்னு சொல்லு" என்று கேட்கப் போவது நம்மிடம்தான். அப்போது "ஸ்ட்ரிப்புக்குச் சந்தேகம் இருக்கு சார், ஆய்வகத்துக்கு அனுப்பணும்" என்ற வாக்கியத்தைச் சொல்லத் தைரியம் வேண்டும். மறுப்பு இருப்பவர்கள் பின்னூட்டத்தில் வாருங்கள். திட்டுவதானாலும் கணக்கோடு திட்டுங்கள் :-)

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் "நான் பாயசம்தான் குடிச்சேன்" என்று சாக்குச் சொல்லக் கிளம்ப வேண்டாம். கஞ்சா ஸ்ட்ரிப்பில் கசகசா வராது ராசா!